பக்கற் சத்தமும் நிலத்தைக் கீறுற பூனையும்: ஒரு ரீல் ஸ்கிரிப்டைத் திருத்தின கதை

யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் செல்லப்பிராணிச் சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிற ஒரு அண்ணை பூனைச் சாப்பாட்டுக்கு ரீல் ஒண்டு செய்து தரச்சொல்லிக் கேட்டார். உலர் சாப்பாடு, சின்னச் சின்ன உருண்டையா பக்கற்றில வாறது, 30 செக்கனுக்குள்ள முடிக்க வேணும். ஸ்கிரிப்டும் தானே யோசிச்சு வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டு அனுப்பியிருந்தார். அதைத்தான் இங்க எடுத்துப் பாக்கப் போறன், ஏனெண்டா இப்ப ஓடுற பூனை நாய்ச் சாப்பாட்டு ரீல்கள்ல முக்கால்வாசி இந்த மாதிரித்தான் இருக்கு, இதை ஒருக்கா வடிவாப் பிரிச்சுப் பாத்தா எங்க பொய் நுழையுது எண்டு விளங்கும்.

அவற்ற ஸ்கிரிப்ட் இப்பிடி: "உங்கட பூனை சோர்ந்து கிடக்குதா? முடி கொட்டுதா? இனிக் கவலை வேண்டாம். 30 வீதம் புரதம், டின் சாப்பாட்டை விட மூண்டு மடங்கு. சிறுநீர்க் கல் வராது. டொக்டர்மாரே பரிந்துரைக்கினம்." படத்துக்கு முதல்ல ஒரு பூனை சுருண்டு கிடக்கிறது, பிறகு அதே பூனை மதிலுக்குப் பாயிறது, கடைசியா மூண்டு குட்டி ஒரே கோப்பையில முகத்தை வைச்சுச் சாப்பிடுறது. "குட்டியளைப் போட்டா சனம் கட்டாயம் பாக்கும் தம்பி" எண்டார். அது உண்மைதான், பாக்கும்.

நான் முதல்ல கேட்டது பக்கற்றின்ர பின்பக்கத்தைத்தான். படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாசிச்சுப் பாத்தன். ஒரு வயசுக்கு மேல உள்ள வளர்ந்த பூனைக்கு, முழுமையான சமநிலையான சாப்பாடு எண்டு போட்டிருக்கு. புரதம் ஆகக் குறைஞ்சது 30 வீதம், ஈரப்பதம் ஆகக் கூடினது 10 வீதம், சேர்க்கைப் பொருள்களுக்குள்ள பூனைக்குக் கட்டாயம் வேணுமான டோரின் எண்ட சத்து இருக்கு, ஒமேகா 3, 6 இருக்கு. சிறுநீர்க் கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மிருக வைத்தியர் பரிந்துரை எண்டும் எங்கயும் இல்லை. அதை எங்கயிருந்து எடுத்தனீங்கள் எண்டு கேக்க, எல்லாரும் அப்பிடித்தானே போடுகினம் எண்டார்.

அப்ப அந்த ரெண்டு வரியும் உடனே போக வேணும், அதில கதைக்க ஒண்டும் இல்லை எண்டு நினைப்பீங்கள். ஆனா சிறுநீர் வரியைப் பற்றி நான் கொஞ்சம் நிண்டு சொல்லத்தான் வேணும், ஏனெண்டா இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. ஆண் பூனைக்கு சிறுநீர்க் குழாய் சரியான ஒடுக்கம், அது அடைச்சுதெண்டா பூனை மண் தட்டில போய்க் குந்திக் குந்தி முக்கும், ஒரு சொட்டும் வராது, சில வேளை கத்தும். உரிமையாளர் அதை மலச்சிக்கல் எண்டு நினைச்சு ரெண்டு நாள் விட்டுப் பாப்பினம், அந்த ரெண்டு நாளுக்குள்ள பூனை செத்துப்போகலாம். இது அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோக வேண்டிய விசயம். இதில "இந்தச் சாப்பாடு குடுத்தா கல் வராது" எண்டு ஒரு ரீல் பாத்த ஆள், தன்ர பூனைக்கு அது வந்திருக்கேலாது எண்டு நம்பிக்கொண்டு இருப்பார். கல்லுக்கெண்டு தனிச் சாப்பாடுகள் இருக்கிறது உண்மைதான், ஸ்ட்ரூவைட் எண்ட வகைக் கல்லை அப்பிடியான சாப்பாட்டால கரைக்கவும் ஏலும், ஆனா கல்சியம் ஒக்சலேட் கல் அதுக்குக் கரையாது, எந்தக் கல் எண்டு பாக்கிறதும் எந்தச் சாப்பாடு எண்டு சொல்லுறதும் மிருக வைத்தியரின்ர வேலை. அந்தச் சிகிச்சைச் சாப்பாட்டின்ர பேரைக் கொண்டுவந்து சாதாரணப் பக்கற்றில ஒட்டேலாது. இதை விளங்கப்படுத்தின உடன அண்ணை தானே அந்த வரியை வெட்டிப்போட்டார், அவர் கெட்ட மனுசன் இல்லை, அவருக்கு ஆரும் சொல்லேல்லை, அவ்வளவுதான்.

புரத வரியில தான் அவர் விடமாட்டன் எண்டு நிண்டார். ஏனெண்டா ரெண்டு இலக்கமும் அச்சடிச்ச உண்மை. இதில 30 வீதம், பக்கத்து ராக்கையில இருக்கிற டின்னில 10 வீதம், ரெண்டும் லேபிள்ல இருக்கு, மூண்டு மடங்கு எண்டா என்ன பிழை எண்டு கேட்டார். பிழை தண்ணியில இருக்கு. டின்னை நல்லாப் பாத்தா ஈரப்பதம் 78 வீதம் எண்டு போட்டிருக்கு. அப்ப 100 கிராம் டின் சாப்பாட்டில தண்ணியைக் கழிச்சா மிஞ்சிற காய்ஞ்ச பொருள் 22 கிராம், அதுக்குள்ள 10 கிராம் புரதம், அதாவது கிட்டத்தட்ட 45 வீதம். எங்கட பக்கற்றில 100 கிராமில தண்ணி 10 போக 90 கிராம் காய்ஞ்ச பொருள், அதுக்குள்ள 30 கிராம், அது 33 வீதம். காய வைச்சுப் பாத்தா டின்தான் கூட. உண்மையான ரெண்டு இலக்கத்தை வைச்சே முழுப் பொய் சொல்லலாம் எண்டதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கல்குலேட்டரை அவற்ற கையிலயே குடுத்துப் போட்டுப் பாக்கச் சொன்னன், பாத்திட்டு கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. ஒப்பிடுற வரி முழுக்கப் போச்சு. 30 வீதம் எண்ட இலக்கத்தைத் தனியாப் போடலாம், ஆனா 30 செக்கனுக்குள்ள அது பாக்கிற ஆளுக்கு ஒண்டையும் சொல்லாது, அதால அதையும் எடுத்திட்டம்.

இனி படத்துக்கு வருவம். நிறையப் பேர் நினைக்கினம் வாயால சொல்லாட்டி பொய் இல்லையெண்டு. சோர்ந்து கிடக்கிற பூனை, வெட்டு, சாப்பாடு, வெட்டு, மதிலுக்குப் பாயிற பூனை. இதில ஒரு சொல்லும் இல்லை, ஆனா பாக்கிற எல்லாருக்கும் கேக்கிறது "இதைத் திண்டு சுகமாச்சு" எண்ட வசனம்தான். உண்மையில என்ன நடந்திருக்கும்? பூனை ஒரு நாளில பாதிக்கு மேல நித்திரை கொள்ளுற சாதி. மத்தியானம் எடுத்தா கிடக்கும், பொழுதுபட எடுத்தா பாயும். ரெண்டும் ஒரே நாளில, ஒரே பூனை, சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முடி மினுங்கிறதை வெயில்ல வைச்சு எடுத்து மேல "ஒமேகா 3" எண்டு எழுத்துப் போடுறதும் இதே வேலைதான். ஒமேகா இருக்கிறது உண்மை, பூனை மினுங்கிறதும் உண்மை, ரெண்டையும் ஒரே பிரேமில போட்டா மூண்டாவதா ஒரு பொய் பிறக்குது. முடி கொட்டுறதுக்குத் தெள்ளு, படை, ஒவ்வாமை எண்டு கனக்கக் காரணம் இருக்கு, சும்மா காலத்துக்குக் கொட்டுறதும் இருக்கு.

குட்டியளும் அப்பிடித்தான். பக்கற் ஒரு வயசுக்கு மேல எண்டு சொல்லுது. குட்டி வளருற காலத்தில அதுக்கு வேற அளவு வேணும், அதுக்குத்தான் குட்டிச் சாப்பாடு எண்டு தனியா விக்கினம். மூண்டு குட்டி அந்தக் கோப்பையில சாப்பிடுற ஒரு ஷொட் போட்டா, அதுவே "குட்டிக்கும் குடுக்கலாம்" எண்ட விளம்பரம். கீழ சின்ன எழுத்தில வளர்ந்த பூனைக்கு மட்டும் எண்டு போட்டாலும் ஆரும் வாசிக்க மாட்டினம், குட்டியைத்தான் பாப்பினம். குட்டி போக அண்ணைக்குச் சரியான கவலை.

அப்ப மிஞ்சிறது என்ன? பூனைதான் மிஞ்சுது, அது என்ன செய்யுதோ அது மிஞ்சுது. அதை மட்டும் வைச்சு ஒரு ரீல் ஓடுமோ எண்டதுதான் கேள்வி.

இதில ஒரு விசயத்தில எனக்கு உறுதி இருக்கோணும் எண்டு நினைச்சன்: பூனை ஆசையாச் சாப்பிடுறதை என்னத்துக்கு ஆதாரமாக் காட்டலாம். பதில், அந்தப் பூனை அதை ஆசையாச் சாப்பிடுது எண்டதுக்கு மட்டும். இதுக்கு மேல ஒண்டுக்கும் இல்லை. 1987இல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின்ர டேவிஸ் வளாகத்தில போல் பியோனும் அவரோட வேலை செய்த ஆக்களும் சயன்ஸ் சஞ்சிகையில ஒரு ஆய்வு போட்டவை. கடையில விக்கிற சாப்பாடு திண்ட பூனைகளுக்கு இதயத் தசை மெலிஞ்சு இதயம் வீங்கிற வருத்தம் வந்திருந்தது, தேடிப் பாத்தா ரத்தத்தில டோரின் குறைவு, டோரின் குடுக்க இதயம் திரும்பத் தேறிச்சுது. அதுக்குப் பிறகுதான் கம்பனிகள் பூனைச் சாப்பாட்டில டோரின் அளவைக் கூட்டினவை. யோசிச்சுப் பாருங்கோ, அந்தப் பூனையள் எல்லாம் அந்தச் சாப்பாட்டைக் கோப்பை வழிச்சுத்தான் திண்டிருக்கும். அண்டைக்கு ரீல் எடுத்திருந்தா வடிவான ரீல் வந்திருக்கும். உலர் உருண்டைக்கு மேல கொழுப்பும் இறைச்சிச் சாறும் தெளிக்கிறதே பூனை வாய் வைக்கத்தான், அது மணத்துக்குப் பின்னால போகும், சத்தை எண்ணிப் பாக்காது. இதை அண்ணைக்குச் சொன்ன பிறகு "அப்ப ஆசையாச் சாப்பிடுறதைக் காட்டவே கூடாதோ" எண்டு கேட்டார். காட்டலாம், வடிவாக் காட்டலாம், அதுக்குப் பக்கத்தில சத்து, சுகம் எண்ட சொல் ஒண்டும் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவற்ற வீட்டில ஒரு கறுப்பு வெள்ளைக் கடுவன் இருக்கு, நாலு வயசு, இந்தச் சாப்பாட்டைத்தான் கனகாலமாத் தின்னுது. அது எங்களுக்குப் பெரிய உதவி, ஏனெண்டா புதுச் சாப்பாட்டை முதல் தரம் போட்டு எடுக்கிற ஷொட் எப்பவும் சந்தேகமானது, புதுசெண்டே சில பூனை பாயும், சிலது மணந்து பாத்திட்டுப் போயிடும், ரெண்டும் ஒண்டையும் சொல்லாது. நான் போய் விறாந்தையில இருந்து சும்மா அதைப் பாத்தன். மூண்டு விசயம் செய்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அசையாது, பக்கற்றைக் கசக்கினா கண்ணைத் திறக்காமலே ஒரு காது மட்டும் திரும்பும். பிறகு வாலை நேரா நிமித்தி, நுனியைக் கொக்கி மாதிரி மடிச்சுக்கொண்டு ஓடிவந்து அந்த வீட்டு அக்காவின்ர காலில கன்னத்தை உரசும். திண்டு முடிச்சாப் பிறகு கோப்பையைச் சுத்திச் சீமெந்து நிலத்தை முன்னங்காலால கீறும், மண் மூடுறமாதிரி.

இந்தக் கீறுறதைத்தான் ரீலின்ர முதுகெலும்பா எடுத்தம். பூனை வளக்கிற கனபேர் இதைக் கண்டிருக்கினம், "சாப்பாடு பிடிக்கேல்லை, அதுதான் மூடுது" எண்டு நினைக்கிறவையும் கன பேர். பூமா மாதிரியான பூனைச் சாதிகள் மிச்ச இரையை இலை, குழை, மண் எல்லாம் இழுத்து மூடி வைச்சிட்டுப் பிறகு வந்து தின்னும், வீட்டுப் பூனையிட்ட இருக்கிறது அந்தப் பழக்கத்தின்ர மிச்சம் எண்டுதான் சொல்லுகினம். கேக்கவும் நல்லா இருக்கு, எங்கட பொருளைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. எந்தச் சாப்பாட்டுக்கும் பூனை இதைச் செய்யும் எண்டதையும் மறைக்கக் கூடாது, அதால "இந்தச் சாப்பாடு அவ்வளவு ருசி, ஒளிச்சு வைக்குது" எண்டு அண்ணை சொன்ன வரியை விட்டிட்டம், பூனையின்ர மனசுக்குள்ள கம்பனிப் பேரை எழுதுறது மாதிரி அது.

எடுக்கிற நாளில வந்த ரெண்டு யோசினையைச் சொல்லத்தான் வேணும். ஒண்டு, காலமைச் சாப்பாட்டை நிப்பாட்டினா பின்னேரம் பறந்து வரும் எண்டது. பசியில ஓடுற பூனை எதுக்கும் ஓடும், அப்ப நாங்கள் காட்டுறது பசியை. அதோட பூனையைப் பட்டினி போடுறது நாயைப் போடுற மாதிரி இல்லை, கொழுத்த பூனை ரெண்டு மூண்டு நாள் தின்னாம விட்டாலே ஈரலில கொழுப்பு படிஞ்சு வருத்தமாகும், ஒரு நேரம் தானே எண்டு தொடங்கிற பழக்கத்தை நான் விரும்பேல்லை. வழமையா அது தின்னுற நேரத்துக்கே கமராவை வைச்சம். மற்றது, உருண்டைக்கு மேல சூடைக் கருவாட்டுத் தூள் கொஞ்சம் தூவினா கமராவுக்கு நல்லாத் தின்னும் எண்டது. கோப்பையில இருக்கிறது பக்கற்றில இருக்கிறதா இல்லாட்டி அந்த ஷொட் முழுக்கப் பொய், அதைக் கண்டுபிடிக்கவும் ஏலாது, அதாலதான் எடுக்கிற ஆள் தானே செய்யாம விட வேணும்.

கடையில வைச்சு எடுக்கேல்லை. புது இடத்தில பூனை காதைப் பின்னால தட்டையா வைச்சு, பதுங்கி, கண்மணி பெருத்து நிக்கும், அது பயம். அந்த முகத்தை எடுத்து "ஆசையாப் பாக்குது" எண்டு எழுதின ரீல்கள் எவ்வளவோ இருக்கு, பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கும்.

கடைசியா வந்த ஸ்கிரிப்ட் இது.

முதல் 3 செக்கன்: விறாந்தையில பூனை நித்திரை. பக்கத்தில இருந்து அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுறா, அசைவில்லை. எழுத்து: "பேர் கேக்காது."

3 இல இருந்து 8: பக்கற் கசங்கிற சத்தம், எடுக்கேக்கை வந்த அதே சத்தம், பிறகு ஒட்டினது இல்லை. ஒரு காது திரும்புது. வாலை நிமித்திக்கொண்டு ஓட்டம். குரல்: "இது மட்டும் நாலு வீடு தள்ளியும் கேக்கும்."

8 இல இருந்து 13: காலில கன்னம் உரசுறது, கிட்டவா. குரல்: "கன்னத்தில வாசச் சுரப்பி இருக்கு. உரசி உரசித் தன்ர மணத்தை எங்களில பூசி வைக்குது."

13 இல இருந்து 18: சாப்பிடுறது. குரல் இல்லை, கறுக் கறுக் எண்ட சத்தம் மட்டும். எழுத்து: "ஒரு வயசுக்கு மேற்பட்ட பூனைக்கான சாப்பாடு."

18 இல இருந்து 26: நிலத்தைக் கீறுது. குரல்: "திண்டு முடிஞ்சு இனி நிலம் கீறுற வேலை. பூமா மாதிரிக் காட்டுப் பூனையள் மிச்ச இரையை இலை குழையால மூடி வைக்கும். எங்கட ஆளுக்குக் கிடைச்சது சீமெந்துத் தரை."

26 இல இருந்து 30: பக்கற், விலை, கடை இருக்கிற இடம். எழுத்து: "உங்கட பூனை சாப்பிட்டு முடிய என்ன செய்யும்?"

நாலு வீடு தள்ளிக் கேக்கும் எண்டது மிகைதானே எண்டு கேக்கலாம். மிகைதான், ஆனா அதை ஆரும் அளந்து நம்பப் போறதில்லை, அதை நம்பி ஆரும் காசு குடுக்கப் போறதும் இல்லை, பூனையைப் பற்றின பகிடி அது. "சிறுநீர்க் கல் வராது" எண்டதை ஆக்கள் நம்பிக் காசு குடுப்பினம். இந்த ரெண்டுக்கும் இடையில கோடு எங்க எண்டு எனக்குச் சந்தேகம் வாற நேரமெல்லாம் நான் பாக்கிறது, இந்த வரியை நம்பி ஒரு ஆள் தன்ர பூனைக்கு ஏதும் செய்வாரா, செய்யாம விடுவாரா எண்டதைத்தான். சட்டமும் இருக்கு, இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்ர 30ஆம் பிரிவு வியாபாரி ஆக்களை ஏமாத்துற, ஏமாத்தக்கூடிய மாதிரி நடக்கக் கூடாது எண்டு சொல்லுது. ஏமாத்தக்கூடிய எண்ட சொல்லுக்குள்ள படமும் வெட்டும் வந்திடும் எண்டுதான் நான் விளங்கிக்கொண்டது.

எல்லாம் முடிஞ்சு போடப் போற நேரத்தில கவர் படத்துக்கு அண்ணை குட்டிப் படம் ஒண்டு வைச்சிருந்தார், ஹாஷ்டாக்கில "ஆரோக்கியமான பூனை" எண்டும் போட்டிருந்தார். ஸ்கிரிப்டில இருந்து துரத்தின ரெண்டும் பின் கதவால வந்திட்டுது. ரீலைப் பாக்காம கவரை மட்டும் பாத்திட்டுக் கடைக்கு வாற ஆள் குட்டிக்கெண்டுதான் வாங்குவார். நிலம் கீறுற பிரேமைக் கவராக்கினம், ஹாஷ்டாக்கில யாழ்ப்பாணம், பூனை எண்டு ரெண்டோட விட்டம்.

கொமெண்ட்டில பெரும்பாலும் "எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான், இவ்வளவு நாளும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சம்" எண்ட மாதிரித்தான் வந்தது. ஆனா ஒரு தங்கச்சி "என்ர கடுவன் ரெண்டு நாளா மூத்திரம் போகக் கஷ்டப்படுது, இதைக் குடுத்தா சரிவருமா" எண்டு கேட்டிருந்தா. இப்பிடி ஒரு கேள்வி கட்டாயம் வரும் எண்டு தெரிஞ்சு பதிலை ரீல் போட முதலே எழுதி அண்ணையின்ர போனில வைச்சிருந்தம், கடைப் பெடியன் அவசரத்தில "ஓம் குடுக்கலாம்" எண்டு போட்டிட்டா இவ்வளவு வேலையும் வீண். அதைத்தான் ஒட்டினவர்: "தங்கச்சி, இது சாப்பாட்டால சரிவாற விசயம் இல்லை. கடுவனுக்கு மூத்திரம் அடைச்சா உயிருக்கு ஆபத்து, விடியும் வரைக்கும் பாக்காமல் இப்பவே மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ. எங்கட சாப்பாடு இதுக்கு மருந்து இல்லை." அந்தப் பதிலைத்தான் இப்ப கொமெண்ட்டில மேல பின் பண்ணி வைச்சிருக்கிறார்.